“மேல ஹாஸ்டல்லதானே இருக்க, கொஞ்சம் இறங்கி வாம்மா”

நீளமான த்ரெட். மருத்துவமனை நடத்துறவங்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

நம்ம ஊர் தனியார் மருத்துவமனைகள்ல டாக்டர்களுக்கு கால் லிஸ்ட் உண்டு. இன்னைக்கு ஃபர்ஸ்ட் கால் யாரு, செகண்ட் கால் யாருன்னு மாசத் தொடக்கத்துலயே டைப் அடிச்சு கேஷுவாலிட்டி சுவர்ல ஒட்டியிருப்பாங்க. நான் ஒரு நாள் எக்ஸ்ட்ராவா கால் பார்த்தா அடுத்த வாரம் கணக்குத் தீர்த்துக்குவேன். யாரும் என்கிட்ட “அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க”ன்னு சொல்ல மாட்டாங்க.

அதே கட்டடத்துல ஒரு சிஸ்டருக்கு மதியம் திடீர்னு காய்ச்சல் வந்து ஈவினிங் டூட்டிக்கு வர முடியலன்னா, அந்த இடத்துக்கு யார் வரணும்னு சொல்ற லிஸ்ட் எங்கேயும் இல்ல. இன்சார்ஜ் சிஸ்டரோட போன்தான் லிஸ்ட். அந்த போன்ல முதல்ல விரல் போற பேர் எதுன்னு எல்லாருக்கும் தெரியும். மாட்டேன்னு சொல்லத் தெரியாத பொண்ணோட பேர்.

பெரும்பாலும் அவங்க ஹாஸ்டல் பொண்ணு. படிச்சு முடிச்சு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். சொந்த ஊர் தென்காசிப் பக்கமோ தருமபுரிப் பக்கமோ இருக்கும். ஹாஸ்டல் மருத்துவமனையோட மேல் மாடியில. “மேலதானே இருக்க, கொஞ்சம் இறங்கி வாம்மா, ஒருத்தி வரல.” காலைல 7 மணிக்கு டூட்டிக்கு வந்து 2 மணிக்குப் படியேறின பொண்ணு, சாப்பிட்ட கையோட திரும்ப இறங்கி ராத்திரி 9 வரைக்கும் நிக்கும். இதுக்குப் பேர் டபுள் டூட்டி. ரெஜிஸ்டர்ல சில இடங்கள்ல அதுகூட ஏறாது.

நான் கன்சல்டன்ட்டா போய்க்கிட்டிருந்த ஒரு மருத்துவமனையில (பேர் வேண்டாம்) ஒரு வார்டோட மூணு மாச டூட்டி ரெஜிஸ்டரை உட்கார்ந்து எண்ணினேன். திடீர் லீவுக்கு வந்து நின்னவங்க பேரை மட்டும் தனியா எழுதினேன். பாதிக்கு மேல மூணே பேர். மூணு பேரும் ஹாஸ்டல். அதே வார்டுல மூணு மாசமும் ஒரு தடவைகூட கூப்பிடப்படாதவங்க நாலு பேர் இருந்தாங்க. அந்த நாலு பேரையும் நான் திட்டல. அவங்களை யாரும் கூப்பிடவே இல்ல.

இந்த எண்ணிக்கையை எந்த மருத்துவமனையும் அரை மணி நேரத்துல எடுக்கலாம். எடுக்கறதில்ல. எடுத்தா பதில் சொல்லணும்.

சரி, இதனால நோயாளிக்கு என்னன்னு கேக்கறவங்களுக்கு ரெண்டு விஷயம்.

1997ல ‘நேச்சர்’ இதழ்ல டாசன், ரீட்னு ரெண்டு பேர் எழுதின ஒரு சின்ன ஆய்வு இருக்கு. தொடர்ந்து 17 மணி நேரம் விழிச்சிருக்கிற ஆளோட கை-கண் ஒத்துழைப்பு, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிற ஆளோட அளவுக்கு இறங்கிடுதுன்னு காட்டினாங்க. நம்ம நாட்டுல வண்டி ஓட்ட சட்டம் அனுமதிக்கிற அளவு 0.03. இப்ப மேல சொன்ன பொண்ணு காலைல 5 மணிக்கு எழுந்திருக்கும். ராத்திரி 9க்கு ஹேண்ட் ஓவர் கொடுத்து, சார்ட் எழுதி முடிக்கிறப்ப மணி 10. கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த நிலைமையில ஸ்கூட்டர் ஓட்டறவரை போலீஸ் ஓரங்கட்டும். நாம அவங்க கையில இன்சுலின் சிரிஞ்சைக் கொடுக்கறோம்.

இரண்டாவது, 2004ல அமெரிக்க மருத்துவமனை நர்ஸ்களை வெச்சு ஆன் ரோஜர்ஸ் குழுவினர் செஞ்ச ஆய்வு. ஷிப்ட் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல போனா தவறு நடக்கிற வாய்ப்பு மூணு மடங்கு. நம்ம 7-லிருந்து 9 டபுள் டூட்டி 14 மணி நேரம்.

அதனால இது நர்ஸ்களோட உள் பிரச்சினை இல்ல. பெட்ல படுத்திருக்கிற உங்க அம்மாவோட பிரச்சினை.

இப்ப, நியாயமான ஒரு சுழற்சி லிஸ்ட் எப்படி இருக்கணும்னு பார்ப்போம். “லிஸ்ட் எல்லாம் போட்டுப் பார்த்தோம் டாக்டர், வேலைக்கு ஆகல”ன்னு சொல்ற நிர்வாகிகள் நிறைய. அவங்க போட்டது என்ன லிஸ்ட்னு பார்த்தா, 14 பேர் பேரை வரிசையா எழுதி, மேலேர்ந்து கீழே கூப்பிட்டுக்கிட்டே போறது. அது ஒரு வாரத்துல செத்துப்போகும். ஏன்னு ஒரு நாள் கணக்கை வெச்சே சொல்றேன்.

ஒரு வார்டு. 14 ஸ்டாஃப். காலை 7 முதல் 2 வரை நாலு பேர், 2 முதல் 9 வரை மூணு பேர், ராத்திரி 9 முதல் காலை 7 வரை மூணு பேர். செவ்வாய்க்கிழமை மதியம் 12.40க்கு ஈவினிங் டூட்டி சிஸ்டர் ஒருத்தர் போன் பண்றாங்க. வாந்தி, வயித்துப்போக்கு. வர முடியாது.

14 பேர்ல யாரைக் கூப்பிடலாம்? உடம்பு சரியில்லாதவர் போக 13. ஈவினிங்ல ஏற்கனவே இருக்கிற ரெண்டு பேர் போக 11. இப்ப வார்டுல நிக்கிற காலை டூட்டி நாலு பேர் போக 7. நேத்து நைட் பார்த்துட்டு இன்னைக்கும் நைட் பார்க்கப் போற மூணு பேர் இந்நேரம் தூங்கிக்கிட்டிருப்பாங்க. 4. ஒருத்தர் லீவுல ஊருக்குப் போயிருக்கார். 3. ஒருத்தர் நாலு நைட் முடிச்சு நைட் ஆஃப்ல இருக்கார். அவரைத் தொடக் கூடாது. 2.

ஆக, 14 பேர் வார்டுல அன்னைக்கு உண்மையான லிஸ்ட் ரெண்டு பேர். ரெண்டு பேருமே வார ஆஃப்ல இருக்காங்க. இது தெரியாம 14 பேரையும் வரிசையா கூப்பிட்டா பத்து போன் வீணாப் போகும், தூங்கறவங்க மூணு பேர் எழுந்திருப்பாங்க, கடைசியில “யாருமே எடுக்கல”ன்னு சொல்லி ஹாஸ்டல் கதவைத் தட்டுவாங்க.

அதனால முதல் வேலை வரிசை போடறது இல்ல, வடிகட்டறது. வடிகட்ட மூணே கேள்வி போதும். முந்தின டூட்டி முடிஞ்சு 11 மணி நேரம் ஆயிருக்கா? இந்த டூட்டி முடிஞ்சு அடுத்த டூட்டிக்கு 11 மணி நேரம் இருக்கா? இதையும் சேர்த்தா அந்த வாரம் 48 மணி நேரத்தைத் தாண்டுதா? 11ங்கறது நான் கண்டுபிடிச்ச எண் இல்ல. ஐரோப்பாவுல வேலை நேர விதியிலேயே நாளுக்கு 11 மணி நேரம் தொடர் ஓய்வுன்னு இருக்கு. நம்ம ஊர்ல ஈவினிங் முடிச்சு மறுநாள் மார்னிங் போடறது சர்வ சாதாரணம். 9 மணிக்கு முடிச்சு 7 மணிக்கு வரணும்னா பத்து மணி நேரம்தான். அதுல பஸ், சாப்பாடு, குளியல் எல்லாம் அடக்கம். டூட்டி லிஸ்ட்டே தப்பு பண்ணும்போது கால் லிஸ்ட் மட்டும் எப்படி ஒழுங்கா இருக்கும்?

இரண்டாவது கேள்வியைத்தான் எல்லாரும் மறக்கறாங்க. நேத்து ஓய்வு எடுத்தாங்களான்னு பார்ப்பாங்க, நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு பார்க்க மாட்டாங்க.

இந்த வடிகட்டலை மதியம் 12.40க்கு, போன் அடிச்சுக்கிட்டிருக்கும்போது செய்ய முடியாது. முந்தின நாள் ராத்திரியே செய்யணும். நைட் சூப்பர்வைசர் டூட்டி லிஸ்ட்டை முன்னால வெச்சுக்கிட்டு, நாளைய மூணு ஷிப்ட்டுக்கும் யார் யாரைக் கூப்பிடலாம்னு ரெண்டு மூணு பேர் எழுதி நர்ஸிங் ஸ்டேஷன் போர்டுல போட்டுடணும். பழகிட்டா அஞ்சு நிமிஷ வேலை. “அவசரத்துல லிஸ்ட் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா”ங்கற கேள்விக்கு இதுதான் பதில். அவசரத்துல பார்க்க வேண்டாம், முந்தின நாளே பார்த்து வெச்சுக்கோங்க.

இப்ப அந்த ரெண்டு பேர். ஒருத்தர் ஹாஸ்டல் பொண்ணு. போன வியாழக்கிழமைதான் ஒரு திடீர் டூட்டிக்கு வந்து நின்னாங்க. இன்னொருத்தர் சீனியர். வீடு 12 கிலோமீட்டர் தள்ளி. கடைசியா கூப்பிடப்பட்டு ஆறு வாரம் ஆச்சு.

பழைய முறையில யோசிக்கவே வேண்டாம், ஹாஸ்டல். லிஸ்ட் முறையில வரிசை ஒரே ஒரு விஷயத்தை வெச்சுத்தான்: கடைசியா கவர் பண்ணி அதிக நாள் ஆனவர் மேல. சீனியர் முதல். சரி, கூப்பிட்டாச்சு. “வரேன் சிஸ்டர், ஆனா ரெண்டு மணிக்கு முடியாது, பையனை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வந்து எங்கம்மா வீட்ல விட்டுட்டு மூன்றரைக்கு வந்துடறேன்.”

பல இன்சார்ஜ்கள் இந்த இடத்துல போனை வெச்சுடுவாங்க. மூன்றரையா? வேண்டாம் விடுங்க, நான் பார்த்துக்கறேன். உடனே ஹாஸ்டல். நியாயம் செத்தது இந்த ஒன்றரை மணி நேரத்துலதான். எத்தனை தடவை பார்த்திருக்கேன்.

இதுக்கு வழி ரொம்ப எளிது. காலை டூட்டியில இருக்கிற நாலு பேர்ல ஒருத்தர் ஒன்றரை மணி நேரம் கூட நிக்கட்டும். 7 முதல் 3.30 வரை எட்டரை மணி நேரம். டபுள் டூட்டி இல்ல. அந்த ஒன்றரை மணி நேரத்தை எழுதி வெச்சு, அதே வாரத்துல ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் முன்னாடி அனுப்பிடணும். கூட நிக்கறதுக்கும் தனியா ஒரு சுழற்சி வேணும், இல்லன்னா அதுவும் ஒரே ஆள் தலையிலதான் விழும்.

சீனியர் 3.30 முதல் 9 வரை அஞ்சரை மணி நேரம் பார்க்கறாங்க. அவங்களுக்குப் போன வார ஆஃபுக்குப் பதிலா அதே வாரம் வெள்ளிக்கிழமை ஆஃப். தேதி போட்டு, போன்லயே சொல்லி, நோட்டுல எழுதியாச்சு. இப்ப அவங்க வாரக் கணக்கு என்ன? வழக்கமா ஆறு நாள், நாளுக்கு 7 மணி நேரம், 42. வெள்ளி போனதால 35. இன்னைக்கு அஞ்சரை. மொத்தம் 40.5. ஓவர்டைம் பூஜ்யம். புதன்கிழமை அவங்களுக்கு ஈவினிங்தான், அதனால ஓய்வும் சரி.

“அப்போ வெள்ளிக்கிழமை ஓட்டை விழுமே?” விழும். அதுதான் இந்த முறையோட மொத்த சூட்சுமமும். 80 நிமிஷத்துல அடைக்க வேண்டிய ஓட்டையை மூணு நாள் தள்ளிப் போட்டிருக்கோம். மூணு நாள் அவகாசம் இருந்தா, ஆஃப் மாத்திக்க ஒருத்தர் சந்தோஷமா ஒத்துக்குவாங்க, பக்கத்து வார்டுல கேக்கலாம், அன்னைக்கு டிஸ்சார்ஜ் அதிகமா இருந்தா மூணு பேரோட ஓட்டலாமான்னு யோசிக்கலாம். மதியம் 12.40க்கு இதுல ஒண்ணும் முடியாது.

இதே சீனியர் “இன்னைக்கு முடியாது சிஸ்டர்”னு சொல்லியிருந்தா? இதுதான் ஒவ்வொரு வார்டுலயும் சண்டை வர்ற இடம்.

என் கருத்து தெளிவானது. வார ஆஃப்ல இருக்கிற ஆளுக்கு முடியாதுன்னு சொல்ல உரிமை உண்டு. காரணம் கேக்கக் கூடாது. ஆனா முடியாதுன்னு சொன்னவர் வரிசையில கீழ போகக் கூடாது, மேலேயே நிக்கணும். அடுத்த தடவையும் முதல் போன் அவருக்குத்தான். சில இடங்கள்ல கூப்பிட்டாலே ஒரு தடவை வந்ததா கணக்கு வெச்சு கீழ தள்ளிடுவாங்க. எக்ஸ்ட்ரா காசுக்காக எல்லாரும் ஆசைப்படற வேலையா இருந்தா அது சரி. வாய்ப்பு கொடுத்தோம், வேண்டாம்னீங்க, அடுத்தவருக்குப் போச்சு. யாரும் விரும்பாத வேலைக்கு அதே விதியைப் போட்டா, மாட்டேன்னு சொல்றவருக்கு அது பரிசு. வந்து நிக்கறவருக்கும் வராதவருக்கும் ஒரே மார்க்.

போன் எடுக்கலன்னா? ரெண்டு தடவை, பத்து நிமிஷ இடைவெளியில. எடுக்கலன்னா நேரத்தைக் குறிச்சுட்டு அடுத்தவர். அவரும் மேலேயே நிப்பார். வடிகட்டல்ல விழுந்தவங்க, நைட்லயோ லீவுலயோ இருந்தவங்க, அவங்க இடமும் அப்படியே இருக்கும். கீழ போறது ஒரே ஒருத்தர், வந்து வேலை பார்த்தவர்.

அன்னைக்கு சீனியர் மறுத்து ஹாஸ்டல் பொண்ணு ஒத்துக்கிட்டாங்கன்னு வைங்க. அவங்களுக்குப் புதன்கிழமை காலை டூட்டி போட்டிருக்கு. 9 மணிக்கு முடிச்சு 7க்கு வர முடியாது. அப்ப புதன் காலையை ஈவினிங்குக்கு மாத்தி, அதையும் அதே போன்லயே சொல்லணும். “வந்துட்டுப் போம்மா, நாளைக்குப் பார்த்துக்கலாம்” கூடாது. அந்த நாளை வரவே வராது.

ஒருத்தர் தொடர்ந்து மூணு தடவை முடியாதுன்னா தனியா கூப்பிட்டுப் பேசணும். எல்லார் முன்னாடியும் இல்ல. பேசினா காரணம் தெரியும். கடைசி பஸ் எட்டரைக்கு. வீட்ல படுத்த படுக்கையா மாமியார். கர்ப்பம், இன்னும் யார்கிட்டயும் சொல்லல. ஈவினிங் முடியாதவங்களுக்கு ஞாயித்துக்கிழமை காலை முடியலாம். எந்த ஷிப்ட் முடியும்னு கேட்டு நோட்டுல குறிச்சுட்டா, அவங்களும் சுழற்சிக்குள்ள வருவாங்க. “அவ எப்பவுமே இப்படித்தான்”னு முத்திரை குத்தறது இதைவிட சுலபம். அதனாலதான் அது நடக்குது.

ரெண்டு பேருமே வரலன்னா என்ன செய்யறது? பக்கத்து வார்டுல கேக்கலாம். காலை டூட்டி ஆள் அஞ்சரை வரைக்கும் நிக்கலாம், பத்தரை மணி நேரம், கஷ்டம்தான், எல்லைக்குள்ள. மீதியை நைட் சிஸ்டரை அஞ்சரைக்கே வரச் சொல்லி அடைக்கலாம்னு ஒரு யோசனை எல்லா வார்டுலயும் வரும். செய்யாதீங்க. அஞ்சரைக்கு வந்தா காலை 7 வரை பதிமூன்றரை மணி நேரம், அதுவும் ராத்திரி. ஒரு ஓட்டையை அடைக்கப் போய் விடியக்காலை 4 மணிக்கு பெரிய ஓட்டை போடறோம்.

அந்த மூன்றரை மணி நேரத்துக்கு நர்ஸிங் சூப்பர்வைசர் வார்டுல இறங்கி மருந்து போடட்டும். கூடவே டாக்டர்களான நமக்கும் ஒரு வேலை இருக்கு. அன்னைக்கு சாயங்காலம் வர வேண்டிய அவசரமில்லாத அட்மிஷனை நாளைக் காலைக்குத் தள்ளலாம். ஐ.சி.யூ.வுலேர்ந்து வார்டுக்கு மாத்த வேண்டியவரை ராத்திரி மட்டும் அங்கேயே வெச்சுக்கலாம். இதை இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, கன்சல்டன்ட் சொன்னா நடக்கும். நம்மள்ல எத்தனை பேர் சொல்றோம்? ரவுண்ட்ஸ்ல “ஏன் சிஸ்டர் இன்னும் டிரிப் மாத்தல”ன்னு கத்தறதோட நம்ம பங்கு முடிஞ்சுடுது.

இப்ப வாட்ஸ்அப் குரூப். “ஈவினிங் யாராவது வர முடியுமா, அர்ஜென்ட்.” இதை ரொம்ப ஜனநாயகமான முறைன்னு நினைக்கறாங்க. எல்லாரையும் கேட்டோமே, யார் விருப்பமோ அவங்க வந்தாங்க. இல்லீங்க. 14 பேரும் படிப்பாங்க, நீல டிக் விழும், அமைதி. அந்த அமைதியைத் தாங்க முடியாத ஒருத்தர் “நான் வரேன் சிஸ்டர்”னு போடுவாங்க. எப்பவும் அதே ஒருத்தர். அதோட இரவு முழுக்க நைட் பார்த்துட்டுத் தூங்கறவங்க போனும் கூவும். குரூப்ல கேக்கறது சுழற்சி இல்ல, யாருக்குக் குற்ற உணர்ச்சி அதிகம்னு கண்டுபிடிக்கிற முறை.

இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. “லீவு வேணுமா? உனக்குப் பதிலா நீயே ஆள் ஏற்பாடு பண்ணிட்டு எடுத்துக்கோ.” வாந்தி எடுத்துக்கிட்டிருக்கிற ஆள் படுக்கையிலேர்ந்து ஒவ்வொருத்தரா கெஞ்சணும். கிடைக்கலன்னா என்ன ஆகும்? மாத்திரை போட்டுட்டு வேலைக்கு வருவாங்க. மருத்துவரா சொல்றேன், வயித்துப்போக்கு, வாந்தி நின்ன பிறகும் 48 மணி நேரம் வார்டுப் பக்கம் வரக் கூடாது. அம்மை போட்டவங்க கொப்புளம் எல்லாம் பொருக்கு தட்டுற வரைக்கும் வரக் கூடாது. மெட்ராஸ் ஐயோட வந்து குழந்தைங்க வார்டுல மருந்து போட்ட கதை எல்லா ஊர்லயும் இருக்கு. லீவு சொல்றது நோயாளியான ஊழியரோட வேலை. ஆள் தேடறது நிர்வாகத்தோட வேலை. இந்த ரெண்டையும் ஒரே தலையில கட்டினா லிஸ்ட் நண்பர்களுக்குள்ள கைமாத்தா மாறிடும். நண்பர் இல்லாத ஆள் காய்ச்சலோட நிப்பார்.

“டாக்டர், அவங்களே டபுள் டூட்டி கேட்டு வாங்கறாங்க, உங்களுக்கென்ன?” இந்த வாதத்துல உண்மை இருக்கு, மழுப்ப விரும்பல. கேக்கறாங்க. கல்விக் கடன், தம்பி ஃபீஸ், வீட்டு வாடகை. மாசச் சம்பளத்துல முடியாததை டபுள் டூட்டி காசுல முடிக்கறாங்க. அதுக்காக 14 மணி நேரம் நிக்கிற உடம்பு காசு வாங்கினதும் தெளிவாகிடாது. லாரி டிரைவர் கேட்டா 20 மணி நேரம் ஓட்ட விடுவீங்களா? எக்ஸ்ட்ரா டூட்டிக்கு ஆசைப்படறவங்களுக்கு லிஸ்ட்ல முன்னுரிமை கொடுக்கலாம், தடையில்ல. அதே 11 மணி நேரம், அதே 48, வடிகட்டல்ல மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது. சம்பளத்தை ஏத்தாம டபுள் டூட்டியை உதவி மாதிரி காட்டற நிர்வாகம், உதவி பண்ணல, விலை குறைச்சு வாங்குது.

கடைசியா, இதுவரை சொன்ன எதுவும் வேலை செய்யாத இடம் ஒண்ணு இருக்கு. ஆளே பத்தாத வார்டு.

நம்ம உதாரண வார்டையே எடுங்க. ஒரு நாளைக்குப் பகல் ஷிப்ட் ஏழு இடம், நைட் மூணு இடம். வாரத்துக்கு மணி நேரமா மாத்தினா 343ம் 210ம், மொத்தம் 553. ஆளுக்கு வாரம் 42 மணி நேரம்னா 14 பேர் கொடுக்கறது 588. கையிருப்பு 35, அதாவது அஞ்சு பகல் ஷிப்ட். அந்த அஞ்சுலதான் எல்லா லீவும் காம்ப் ஆஃபும் அடங்கணும். ஆளுக்கு வருஷத்துல 30 நாள் லீவுன்னா வாரத்துக்கு எட்டு ஷிப்ட் போகும். பத்தாது, இன்னும் ஒருத்தர் வேணும். 15 பேர் இருந்தா அந்த லிஸ்ட் மூச்சு விடும்.

அதே வார்டை 12 பேரோட ஓட்டறாங்கன்னு வைங்க. நிறைய இடத்துல இதுதான் நிலைமை. 12 பேர் 42 மணி நேரம் பார்த்தா 504. யாருக்கும் உடம்பு சரியில்லாம போகலன்னாகூட, யாரும் ஒரு நாள் லீவு எடுக்கலன்னாகூட, வாரம் 49 மணி நேரம் குறையும். எல்லாரும் ஏற்கனவே வாரத்துக்கு நாலு மணி நேரம் கூட உழைச்சாத்தான் வார்டு ஓடும். அங்க வெள்ளிக்கிழமை ஆஃப் தரேன்னு சொல்ல யாராலும் முடியாது, சொன்னா பொய். அந்த வார்டுல லிஸ்ட் கேக்கறது வீண். அங்க “ஸ்டாஃப் அடிக்கடி சிக் லீவு போடறாங்க, அதான் ஓவர்டைம்”னு யாராவது சொன்னா, இந்த 504ஐயும் 553ஐயும் பக்கத்துல எழுதிக் காட்டுங்க.

அப்படின்னா எந்த மருத்துவமனையில லிஸ்ட் உண்மையிலேயே ஓடுதுன்னு எப்படித் தெரியும்? நோட்டைக் கேளுங்க. பக்கத்துக்கு இவ்வளவுதான் இருக்கணும்: தேதி, ஷிப்ட், யாரைக் கூப்பிட்டோம், எத்தனை மணிக்கு, என்ன சொன்னாங்க, யார் வந்தாங்க, எத்தனை மணி நேரம், அதுக்குப் பதில் ஆஃப் எந்தத் தேதி. வந்தவங்க பேர் மட்டும் இருந்து கூப்பிட்டவங்க பேர் இல்லன்னா அது கண்துடைப்பு, ஏன்னா அநியாயம் நடக்கறது போன் போகாத இடத்துல. நோட்டு ஸ்டேஷன்ல எல்லாரும் புரட்டற மாதிரி இருக்கணும். இன்சார்ஜ் பீரோவுக்குள்ள பூட்டி வெச்சா அதுவும் அவங்க போன் மாதிரிதான்.

இன்சார்ஜ் சிஸ்டர்களைத் திட்டறேன்னு எடுத்துக்காதீங்க. மேலேர்ந்து “எப்படியாவது ஓட்டுங்க”, கீழேர்ந்து “என்னால முடியாது சிஸ்டர்”. நடுவுல நசுங்கறது அவங்கதான். லிஸ்ட் இருந்தா “நான் உன்னைக் கேக்கல, உன் முறை கேக்குது”ன்னு அவங்களாலயும் சொல்ல முடியும். இன்னைக்கு அவங்க கேக்கறது தனிப்பட்ட உதவி, அதனால கடன், அதனால மனஸ்தாபம்.

அந்த நோட்டுல கடைசிக் கட்டத்தைத்தான் நான் முதல்ல பார்ப்பேன். பதில் ஆஃப் தேதி. போன மாசத்து வரிகள்ல அந்தக் கட்டம் காலியா இருந்தா, அங்க அடுத்த மாசம் யாரும் போன் எடுக்க மாட்டாங்க.

அரசு மருத்துவமனை பத்தி கமென்ட்ல கேப்பீங்க. அங்க கதை வேற. ஷிப்ட் நேரமும் வேற, ஒப்பந்தப் பணியாளர் விஷயம் தனி. அதுக்கு இன்னொரு த்ரெட் எழுதறேன். வார்டுல வேலை பார்க்கற சிஸ்டர்கள், உங்க வார்டு எத்தனை பேர், எத்தனை இடம்னு மட்டும் இன்பாக்ஸ்ல அனுப்புங்க. மருத்துவமனை பேர் போடாதீங்க. கணக்கைப் போட்டுத் தரேன், உங்க சூப்பரின்டென்டென்ட் மேசையில வெச்சுடுங்க.